புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு மின்வாரியத்துக்குக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்போது எல்லாம் ஆன்லைனில்தானே? கடிதம் எதற்கு?

விண்ணப்பத்தைப் பதிவு செய்வதும் பணம் கட்டுவதும் தமிழ்நாட்டில் இணையத்தில்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் படிவத்தில் உள்ள கட்டங்களில் பெயர், முகவரி, லோடு, ஆவணங்கள் ஆகியவற்றைத்தான் நிரப்ப முடியும். உங்கள் வீட்டுக்கு எந்தப் போஸ்டிலிருந்து வயர் வரலாம், மீட்டரை எந்தச் சுவரில் வைக்க இடம் விட்டிருக்கிறீர்கள், வழியில் பக்கத்து வீட்டு மாடி குறுக்கே வருகிறதா என்பதையெல்லாம் படிவம் கேட்பதில்லை. இடத்தைப் பார்க்க வரும் பொறியாளரோ லைன்மேனோ முடிவு செய்ய வேண்டியவை இவைதான்.

ஒரு பக்கக் கடிதத்தில் இவற்றைத் தெளிவாக எழுதி, விண்ணப்ப எண்ணையும் குறிப்பிட்டு, இணையத்தில் மற்ற ஆவணங்களோடு பதிவேற்றுங்கள். அப்படியே ஒரு நகலைப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் கையில் உள்ள பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தாமதம் பற்றிப் பேச வேண்டி வந்தால் அந்த முத்திரை உதவும். அதைவிட முக்கியமாக, கடிதம் தெளிவாக இருந்தால் இடம் பார்க்க வருபவர் ஒரே வருகையில் வேலையை முடித்துவிடலாம். 'ஏதோ சரியில்லை, திரும்ப வருகிறேன்' என்று அவர் போய்விட்டால் அந்த 'திரும்ப' எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கடிதத்தை யாருக்கு எழுத வேண்டும்? பெரிய அதிகாரிக்கு எழுதினால் சீக்கிரம் நடக்குமா?

உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு எழுதுங்கள். சில பிரிவுகளில் இளநிலைப் பொறியாளர் பொறுப்பில் இருப்பார். அவருக்கு மேலே உபகோட்டத்தில் உதவி செயற்பொறியாளர், கோட்டத்தில் செயற்பொறியாளர், வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர் என்று வரிசை போகிறது. சாதாரண வீட்டு இணைப்பில் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவது பிரிவு அலுவலகம்தான். மேலே அனுப்பும் கடிதமும் சுற்றிக்கொண்டு அதே மேசைக்குத்தான் வந்து சேரும், நடுவில் நாட்கள்தான் போகும்.

வீட்டு மின்சாரம் தரும் நிறுவனம் டான்ஜெட்கோ என்ற பெயரில் இருந்தது. 2024-இல் பிரிக்கப்பட்ட பிறகு அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பேச்சில் எல்லாரும் இன்னும் 'ஈபி' என்றுதான் சொல்கிறோம், கடிதத்தில் புதுப் பெயரைப் போட்டால் போதும்.

எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு மின் கட்டண அட்டையைப் பாருங்கள். பிரிவின் பெயரும் மின் இணைப்பு எண்ணும் அதில் இருக்கும். அந்த எண்ணைக் கடிதத்தில் 'அருகிலுள்ள இணைப்பு எண்' என்று கட்டாயம் எழுதுங்கள். உங்கள் தெரு எந்தப் பகிர்மானத்தில் வருகிறது, எந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுகிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட அது வழி செய்யும். புது நகர்களில் கதவு எண் சரியாக இருக்காது, மனை எண் மட்டும்தான் இருக்கும். அங்கே இந்த எண் இல்லாமல் லைன்மேனால் வீட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது.

லோடு எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போடுவது? எலக்ட்ரீஷியன் 'ரெண்டு கிலோவாட்னு போடுங்க சார்' என்கிறார்.

அவர் சொல்வதை அப்படியே போடாமல், வீட்டில் இருக்கும், சீக்கிரம் வரப்போகும் சாமான்களின் வாட்டைக் கூட்டுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுமா என்பதை இங்கே பார்க்க வேண்டாம். இணைத்துள்ள எல்லாவற்றின் கூட்டுத்தொகைதான் கேட்கப்படுகிறது.

இரண்டு படுக்கையறை உள்ள ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்ஈடி பல்பு பத்து, அது 90. 20 வாட் டியூப்லைட் நான்கு, 80. 75 வாட் மின்விசிறி நான்கு, 300. டிவி 100, ஃபிரிட்ஜ் 200. மிக்ஸி 600, கிரைண்டர் 150. வாஷிங் மெஷின் 400. தண்ணீர் மோட்டார் ஒரு ஹார்ஸ்பவர் என்றால் 750. அயர்ன் பாக்ஸ் 1000. எல்லாம் சேர்த்து 3,670 வாட். கடிதத்தில் 4 கிலோவாட் என்று எழுதலாம்.

இந்த 4 கிலோவாட் ஓர் எல்லைக்கோடு. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்புப்படி 4,000 வாட் வரை ஒருமுனை இணைப்பு, அதற்கு மேல் போனால் மும்முனை. இதே வீட்டில் ஒன்றரை டன் ஏசி ஒன்று வைத்தால் சுமார் 1,700 வாட் கூடி 5,370 ஆகிவிடும். அப்போது 6 கிலோவாட், மும்முனை என்று எழுத வேண்டும். கீசர் ஒன்றும் வைத்தால் இன்னும் 2,000 கூடும். ஆக, ஏசியும் கீசரும் வருமா வராதா என்ற முடிவுதான் இணைப்பின் வகையையே மாற்றுகிறது. பல்பும் விசிறியும் எத்தனை என்பதில் பெரிய வித்தியாசம் வராது.

வாட் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். மோட்டார், ஏசி, கீசர் எதுவாக இருந்தாலும் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும்.

லோடைக் குறைத்து எழுதினால் பணம் மிச்சமாகும் என்கிறார்களே?

தொடக்கத்தில் ஒரு தடவை கட்டும் தொகை கொஞ்சம் குறையும். பில்லில் எதுவும் குறையாது. 2022 கட்டணத் திருத்தத்தில் வீட்டு இணைப்புகளுக்கு நிலைக் கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது, ஓடின யூனிட்டுக்குத்தான் பில். 2 கிலோவாட் என்று எழுதினாலும் 4 என்று எழுதினாலும் ஒரே அளவு மின்சாரம் செலவழித்தால் பில் ஒன்றுதான்.

குறைத்து எழுதுவதில் இரண்டு சிக்கல். இப்போது வைக்கும் டிஜிட்டல் மீட்டர் யூனிட்டை மட்டும் எண்ணுவதில்லை, ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுத்தீர்கள் என்பதையும் பதிந்து வைக்கிறது. அது அனுமதித்த லோடைத் தாண்டினால், கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்து வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். அப்போது ஒருமுனையிலிருந்து மும்முனைக்கு மாற வேண்டி வந்தால் மீட்டர், சர்வீஸ் வயர், மெயின் போர்டு, சில வீடுகளில் உள் வயரிங்கின் ஒரு பகுதிகூட மாற்ற வேண்டியிருக்கும். பூசிப் பெயின்ட் அடித்த சுவரை உடைப்பதற்கு ஆகும் செலவு, முதலில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு.

இன்னொன்று தெரு முழுக்கச் சம்பந்தப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு இடம் பாக்கி இருக்கிறது என்பதை அலுவலகம் இந்த எண்ணிக்கைகளை வைத்துத்தான் கணிக்கிறது. எல்லாரும் பாதி எழுதினால் ஏப்ரல் மாத இரவில் வோல்டேஜ் விழுவதற்கும், ஃபியூஸ் போவதற்கும் அதுவே காரணம் ஆகிறது.

இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஏசி வாங்குவது நிச்சயம் என்றால் இப்போதே சேர்த்து எழுதுங்கள். 'என்றாவது வாங்கலாம்' என்ற நிலையில் இருந்தால் வேண்டாம். ஒருமுனையே வாங்கிக்கொண்டு, மெயின் போர்டில் மும்முனை மீட்டர் வைக்கும் அளவு இடமும், குழாயில் பெரிய வயர் நுழையும் அளவு அகலமும் விட்டு வைத்தால் போதும்.

என்னென்ன ஆவணங்கள் வைக்க வேண்டும்?

சாதாரணமான, சொந்த இடத்தில் கட்டிய தனி வீட்டுக்கு: உரிமையைக் காட்ட விற்பனைப் பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது இவற்றில் ஒன்று. அடையாளத்துக்கு ஆதார். விண்ணப்பதாரர் புகைப்படம். வயரிங் முடிந்ததற்கு லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை. கசிவு மின்சாரம் வந்தால் நிறுத்தும் ஆர்சிடி கருவி பொருத்தியதற்கான விவரம், அதில் 30 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும்.

வீட்டு வாசலும் மீட்டர் பலகையும் தெரியும்படி இரண்டு போட்டோவும் வைப்பது என் யோசனை. அதைக் கேட்கவே மாட்டார்கள், ஆனாலும் வைத்தால் பிரயோஜனம் உண்டு.

கட்டட நிறைவுச் சான்று பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது வந்தபோதே 12 மீட்டர் உயரத்துக்குள், மூன்று குடியிருப்புகள் அல்லது 750 சதுர மீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். பிறகு அந்த வரம்பு மேலும் தளர்த்தப்பட்டது. சாதாரணத் தனி வீடு கட்டுபவருக்கு அது தேவைப்படாது. ஆனால் வீடு விலக்குக்குள் வருகிறது என்று தெரியும்படி, 'தரைத்தளம், முதல் தளம் மட்டும், ஒரே குடியிருப்பு' என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆவணங்களில் நான் அதிகம் பார்க்கும் தடங்கல் ஒன்று உண்டு. பத்திரத்தில் 'எஸ். முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் சுப்பையா', வரி ரசீதில் 'முருகேசு' என்று மூன்று விதமாக இருக்கும். ஒரே ஆள்தான் என்றாலும் பார்ப்பவருக்குத் தயக்கம் வரும், விண்ணப்பம் திரும்பிவிடும். விண்ணப்பத்தை உரிமை ஆவணத்தில் உள்ள பெயரில் போட்டு, இந்த வேறுபாட்டைக் கடிதத்திலேயே விளக்கிவிடுங்கள். சர்வே எண், மனை எண் இரண்டும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. அண்ணன் வெளியூரில். நான் விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றிதழையும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். அண்ணன் வெளியூரில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், ஆதார் நகலும் கூட வர வேண்டும்.

இடத்தின் உரிமையாளராக இல்லாமல் குடியிருப்பவர் கேட்பதற்கும் விதித்தொகுப்பில் வழி இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் தந்தால் அதற்குப் படிவம் 5. அவர் கிடைக்கவில்லை, அல்லது தர மறுக்கிறார் என்றால், நீங்கள் சட்டப்படி குடியிருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் காட்டி, படிவம் 6-இல் பொறுப்புறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது பாதுகாப்பு வைப்புத்தொகை இரண்டு மடங்கு. குடும்பத்துக்குள் மனஸ்தாபம் இருந்தாலும் வீட்டுக்கு விளக்கு வராமல் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மின் இணைப்பு உங்கள் பெயரில் வந்ததால் இடம் உங்களுடையது ஆகிவிடாது என்பதை அண்ணனிடம் சொன்னால் பாதி நேரம் அவரே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மீட்டர் எங்கே வைப்பது நல்லது? வாசல் அழகு கெடுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

தரைத்தளத்தில், கேட்டைத் திறந்ததும் எட்டும் இடத்தில், போஸ்ட் இருக்கும் பக்கத்துச் சுவரில். இந்த மூன்றும் சேரும் இடம்தான் சரியான இடம். சில வீடுகளில் அப்படி ஒரே ஒரு சுவர்தான் இருக்கும், அதை வீட்டைக் கட்டும்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

ஏன் என்றால், கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து ரீடிங் எடுப்பார். மீட்டர் ஹாலுக்குள்ளோ பின்பக்கத்திலோ இருந்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிப் போய்விடுவார், முந்தைய கணக்கை வைத்துப் பில் வரும். வீட்டில் தீப்பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ உள்ளே போகாமல் மின்சாரத்தை நிறுத்த முடிய வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

உயரம் கண் மட்டத்தில் இருக்கட்டும், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். ஏணி போடாமல், குனியாமல் எண்களைப் படிக்க முடிய வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கும் தெருவென்றால் போன பெரிய மழையில் தண்ணீர் ஏறிய அடையாளத்துக்கு நன்றாக மேலே வையுங்கள். மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவர் வேண்டாம், மீட்டர் டிஸ்பிளே சீக்கிரம் மங்கிவிடும். வேறு வழி இல்லையென்றால் மேலே ஒரு சின்ன சன்ஷேடு போடுங்கள்.

கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிக்குக் கீழே வைத்தால் நாளாக நாளாக அங்கே செருப்பு ஸ்டாண்டும் பழைய பேப்பரும் சேர்ந்துவிடும். கேஸ் சிலிண்டர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சம்ப், குளியலறை ஆகியவற்றின் ஈரம் இறங்கும் சுவரும் ஆகாது.

வாசல் அழகு பற்றி வீட்டில் சொல்வது நியாயமான கவலைதான். அதற்குச் சுவரில் குழி விட்டு, கண்ணாடி வைத்த மூடியோடு பெட்டி அமைக்கலாம். பூட்டுப் போடாமல், மீட்டரைச் சுற்றிக் கை நுழையும் இடம் விட்டு, சீல் வைக்கும் பகுதி மறையாமல் செய்ய வேண்டும். கடிதத்தில் 'வாசலில்' என்று எழுதினால் போதாது. 'தெற்கு பார்த்த வீடு, கேட்டின் வலப்புறம், கிழக்குச் சுவரில், தரையிலிருந்து 1.5 மீட்டர்' என்று எழுதுங்கள்.

போஸ்ட் தூரமாக இருக்கிறது. பக்கத்துக்காரர் மாடிக்கு மேலேதான் வயர் வரும். என்ன எழுதுவது?

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், தூரத்தை டேப் வைத்து அளந்து. சுமார் 30 மீட்டருக்குள் போஸ்ட் இருந்தால் பெரும்பாலும் நேராக சர்வீஸ் வயர் இழுத்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு போஸ்ட் நட வேண்டி வரலாம், அது தனி மதிப்பீடு, நாளும் கூடும். இதை மறைத்துப் பயனில்லை, இடம் பார்க்க வந்ததும் தெரிந்துவிடும்.

பிறர் நிலத்தையோ கட்டடத்தையோ தாண்டி வயர் வருவதென்றால் அவர் சம்மதம் வாங்கித் தருவது விண்ணப்பதாரர் பொறுப்பு. இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் பின்னால் இன்னொரு மாடி எழுப்பினால் வயர் இடிக்கும். எனவே சுற்றி வந்தாலும் தெருப்பக்கமாக வரும் வழி ஒன்று இருந்தால் அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

வீட்டுக்கு அருகில் 11 கேவி லைன் போனால் இன்னும் கவனம் வேண்டும். கட்டடத்துக்கும் அந்த லைனுக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், மேலே போனால் 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின் ஆணையப் பாதுகாப்பு விதி. பால்கனியை வெளியே நீட்டி அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் இணைப்பு நிற்கும். லைனை நகர்த்தும் செலவும் உங்கள் தலையில் விழும். இது கடிதத்தால் தீரும் விஷயம் இல்லை, அஸ்திவாரம் போடும் முன்பே அளந்து பார்க்க வேண்டியது.

வீடு கட்ட வாங்கிய தற்காலிக இணைப்பு இருக்கிறது. புதிதாக விண்ணப்பிக்கணுமா?

வேண்டாம், அதையே வீட்டு இணைப்பாக மாற்றக் கேளுங்கள். அதற்குக் கட்டண விகித மாற்றம் என்று பெயர். கட்டுமானத்துக்கான கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். அதனால் பெயின்ட் வேலை முடியும் வரை காத்திருக்காமல், வயரிங் முடிந்து குடிவரத் தயாரானதுமே விண்ணப்பியுங்கள். தற்காலிகமாக மூலையில் நட்ட பலகையில் மீட்டர் இருந்தால், அதை நிரந்தர இடத்துக்கு மாற்றவும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

மாதிரிக் கடிதம் ஒன்று கொடுக்க முடியுமா?

மேலே கணக்குப் போட்ட அதே வீட்டை, ஏசி இல்லாமல், கும்பகோணம் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். புள்ளி வைத்த இடங்களை நிரப்புங்கள்.

அனுப்புநர்
……………, த/பெ ……………
மனை எண் 14, …………… நகர், …………… கிராமம்,
கும்பகோணம் வட்டம். கைபேசி: ……………

பெறுநர்
உதவிப் பொறியாளர்,
இயக்கமும் காத்தலும், …………… பிரிவு,
தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்.

பொருள்: புதிய வீட்டிற்கு 4 கிலோவாட் ஒருமுனை மின் இணைப்பு வழங்கக் கோருதல்.
பார்வை: இணைய விண்ணப்ப எண் ……………, நாள் ……………

ஐயா / அம்மா,

மேற்கண்ட முகவரியில், சர்வே எண் ……………-இல் எனக்குச் சொந்தமான மனையில் தரைத்தளம் மட்டும் கொண்ட ஒரே குடியிருப்பாக வீடு கட்டி முடித்துள்ளேன். வயரிங் வேலையும் எர்த் அமைப்பும் முடிந்துவிட்டன. இவ்வீட்டிற்கு வீட்டு உபயோகத்திற்கான புதிய மின் இணைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைக்கப்பட்டுள்ள லோடு: விளக்குகள் 170 வாட், மின்விசிறிகள் 300, டிவியும் ஃபிரிட்ஜும் 300, மிக்ஸியும் கிரைண்டரும் 750, வாஷிங் மெஷின் 400, ஒரு ஹார்ஸ்பவர் தண்ணீர் மோட்டார் 750, அயர்ன் பாக்ஸ் 1,000. மொத்தம் 3,670 வாட். கோரும் லோடு 4 கிலோவாட். ஏசி, கீசர் இல்லை.

மீட்டர் இடம்: வீடு தெற்கு பார்த்தது. கேட்டின் வலப்புறம், கிழக்குச் சுவரின் வெளிப்பக்கத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், மழை படாத இடத்தில் பலகை பொருத்தியுள்ளேன். கேட்டைத் திறந்ததும் ரீடிங் எடுக்க முடியும்.

மின்கம்பம்: வீட்டிற்கு எதிரே தென்கிழக்கில் உள்ள கம்பம் மீட்டர் இடத்திலிருந்து 18 மீட்டர் தூரத்தில் உள்ளது. சர்வீஸ் வயர் தெருவைத் தவிர வேறு யாருடைய நிலத்தையும் கடக்கவில்லை. அருகிலுள்ள இணைப்பு எண்: ……………

இத்துடன் வைத்துள்ளவை: விற்பனைப் பத்திர நகல், சொத்து வரி ரசீது, ஆதார் நகல், ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை, 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி பொருத்திய விவரம், மீட்டர் இடத்தின் புகைப்படம், போஸ்டிலிருந்து மீட்டர் வரை கையால் வரைந்த படம்.

இடத்தைப் பார்வையிட வரும் நாளில் நான் வீட்டில் இருப்பேன். மேற்கண்ட எண்ணில் அழைக்கலாம்.

இப்படிக்கு,
(கையெழுத்து)
இடம்:       நாள்:

கெஞ்சும் வாக்கியங்களும், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற விவரங்களும் தேவையில்லை. கையால் வரைந்த படம்தான் இதில் உயிர். தெரு, போஸ்ட், கேட், மீட்டர், வடக்கு எந்தப் பக்கம், இவ்வளவு இருந்தால் போதும்.

கடிதம் கொடுத்த பிறகு என்ன நடக்கும்? பார்க்க வருபவர் எதைப் பார்ப்பார்?

விண்ணப்பத்தைச் சரிபார்த்ததும் இடத்தைப் பார்க்க வருவார்கள். கடிதத்தில் எழுதிய லோடும் வீட்டில் தெரிவதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஏசிக்கென்று தனி பாயிண்ட் இழுத்து வைத்துவிட்டு 'ஏசி இல்லை' என்று எழுதியிருந்தால் கேள்வி வரும். மீட்டர் பலகை, மெயின் சுவிட்ச், ஆர்சிடி, எர்த் இவற்றைப் பார்ப்பார்கள். மின்சாரம் வந்தபின் ஆர்சிடியில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் அது உடனே விழுந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வயரின் காப்பு நன்றாக இருக்கிறதா என்பதற்கு மெக்கர் கருவியில் 500 வோல்ட் கொடுத்து அளந்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். புதுச் சுவரில் ஈரம் காயாமல் இருந்தாலோ, ஆணி அடிக்கும்போது குழாயில் வயர் காயப்பட்டிருந்தாலோ அது குறையும். ஒப்பந்ததாரரிடம் இந்த அளவைக் கேட்டு, சோதனை அறிக்கையில் எண்ணாக எழுதச் சொல்லுங்கள். வெறும் 'சரி' என்ற எழுத்து போதாது.

பிறகு கட்ட வேண்டிய தொகை பற்றித் தகவல் வரும். வளர்ச்சிக் கட்டணம், வைப்புத்தொகை, மீட்டருக்கான தொகை என்று பிரித்துக் காட்டியிருக்கும். தரைக்கடியில் கேபிள் போகும் பகுதியில் மேல்வழிக் கம்பி உள்ள இடத்தைவிட அதிகம் ஆகும். எல்லாவற்றையும் இணையத்திலேயே கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். ரசீது இல்லாமல் யாராவது பணம் கேட்டால், 'மதிப்பீட்டில் இது எங்கே வருகிறது?' என்று மரியாதையாகக் கேட்டாலே பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும்.

மீட்டர் வைக்கும்போது அதன் எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீல் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எத்தனை நாளில் கொடுக்க வேண்டும்? நாள் கடந்தால் எங்கே போவது?

மத்திய அரசின் 2020 மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2024-இல் திருத்தியபடி, எல்லா விவரமும் சரியாக உள்ள விண்ணப்பத்துக்குப் பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாள் என்று கெடு வைக்கின்றன. மலைப்பாங்கான கிராமத்துக்கு 30 நாள். புதுப் போஸ்ட் நடவோ டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கவோ வேண்டியிருந்தால் இந்தக் கெடு பொருந்தாது, அதிக நாள் எடுக்கும். அதனால்தான் 'வேறு நிலத்தைக் கடக்கவில்லை, 18 மீட்டர்' என்று முன்பே எழுதச் சொன்னேன். உங்களுடையது எளிய வகை என்பதற்கு அது எழுத்தில் இருக்கிறது.

கெடு கடந்தால் முதலில் உதவிப் பொறியாளரை நேரில் பாருங்கள். என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் ஒரு ஆவணம் தெளிவாக ஸ்கேன் ஆகவில்லை என்ற சின்ன விஷயமாகத்தான் இருக்கும், யாரும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். பதில் இல்லையென்றால் மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணில் விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். அதற்கும் அசைவு இல்லையென்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு மனுச் செய்யலாம். அங்கே திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. மன்றத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை. விண்ணப்ப எண், பணம் கட்டிய ரசீது, தேதி முத்திரை உள்ள கடிதப் பிரதி, இந்த மூன்றையும் வைத்து நீங்களே பேசலாம்.